அப்பளப் பெட்டி கணக்கு: 20 அடி கன்டெய்னரில் எத்தனை அட்டைப்பெட்டி நுழையும்?

20 அடி கன்டெய்னர் என்றால் உள்ளே 20 அடி நீளம் இருக்குமா?

இருக்காது. 20 அடி என்பது வெளிப்புற நீளத்தைக் குறிக்கும் பெயர். அந்த வெளி நீளமே துல்லியமாக 6,058 மி.மீ. தான். முன்சுவர், கதவு, மூலைத்தூண் ஆகியவற்றின் கனம் போக உள்ளே கிடைப்பது ஏறத்தாழ 5,890 மி.மீ. நீளம், 2,350 மி.மீ. அகலம், 2,390 மி.மீ. உயரம். தயாரிப்பாளரைப் பொறுத்து சில மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும்.

பலர் கவனிக்காமல் விட்டுவிடும் அளவு கதவினுடையது. கதவுத் திறப்பின் உயரம் சுமார் 2,280 மி.மீ., அதாவது உட்கூரையைவிட ஏறத்தாழ அரைச் சாண் தாழ்ந்திருக்கும். சரக்கு அந்தத் திறப்பின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், பேலட்டில், அதாவது போர்க்லிஃப்ட் தூக்கும் தட்டையான அடிச்சட்டத்தில், அடுக்கி ஏற்றுபவர்களுக்குக் கூரை உயரத்தைவிடக் கதவு உயரமே கணக்கு.

கன்டெய்னரின் கன அளவைப் பெட்டியின் கன அளவால் வகுத்தேன், 1,102 வந்தது. ஏற்றுபவர்கள் 981தான் நுழையும் என்கிறார்களே?

ஏற்றுபவர்கள் சொல்வதுதான் சரி. கும்பகோணம் பகுதியில் அப்பளத்துக்குப் பயன்படுத்தத் தக்க, 400 × 300 × 250 மி.மீ. வெளியளவு கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 0.03 கன மீட்டர். கன்டெய்னரின் உள்ளிடம் சுமார் 33.08 கன மீட்டர். வகுத்தால் 1,102 வரத்தான் செய்யும். ஆனால் வகுத்தல், பெட்டியைத் தண்ணீரைப்போல எந்த மூலையிலும் நிரம்பக்கூடிய பொருளாக எண்ணிக்கொள்கிறது. பெட்டி முழுதாக நுழையும், அல்லது நுழையாது. பாதிப் பெட்டி என்று ஒன்று கிடையாது.

ஆகவே தரையிலிருந்து எண்ண வேண்டும். பெட்டியின் 400 மி.மீ. பக்கத்தைக் கன்டெய்னரின் குறுக்கே வைத்தால் அகலத்தில் ஐந்து பெட்டிகள் 2,000 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 350 மி.மீ. இடைவெளியில் ஒரு வரிசையைத் திருப்பி, 300 மி.மீ. பக்கம் குறுக்காக வரும்படி வைத்துவிடலாம். முதல் ஐந்து வரிசைகளில் நீளவாக்கில் 300 மி.மீ. வீதம் 19 பெட்டிகள் வரும். திருப்பிய வரிசையில் 400 மி.மீ. வீதம் 14 பெட்டிகள் வரும். ஆக ஓர் அடுக்குக்கு 95-உம் 14-உம் சேர்ந்து 109 பெட்டிகள். உயரத்தில் 250 மி.மீ. வீதம் ஒன்பது அடுக்குகள் 2,250 மி.மீ. ஆகின்றன. அது கதவுக்குக் கீழேயும் அடங்குகிறது. 109-ஐ ஒன்பதால் பெருக்கினால் 981.

கணினியில் விரிதாள் வைத்திருப்பவர்கள் ஓர் அடுக்கின் கணக்கை இப்படி இட்டுப் பார்க்கலாம்:

```
=INT(5890/300)*INT((2350-300)/400)+INT(5890/400)
```

இந்தச் சூத்திரம் ஒரே ஒரு வரிசையைத் திருப்பி வைக்கும் முறைக்கு மட்டுமே பொருந்தும். வேறு அளவுப் பெட்டிக்கு இரண்டு, மூன்று வரிசைகளைத் திருப்பினால் எண்ணிக்கை கூடுகிறதா என்பதையும் தனியே பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியிலேயே இரண்டு வரிசை நேராகவும் ஐந்து வரிசை திருப்பியும் வைத்தால் அகலம் அதே 2,300 மி.மீ. தான், ஆனால் பெட்டி 108 ஆகக் குறைந்துவிடுகிறது.

அதே பெட்டியைப் பேலட்டில் வைத்து அனுப்பினால் எத்தனை போகும்?

800 போகும். 1200 × 1000 மி.மீ. பேலட்டை வைத்துப் பார்ப்போம். முதல் இரண்டு வரிசைகளில் பெட்டியின் 400 மி.மீ. பக்கம் பேலட்டின் நீண்ட பக்கத்தோடு ஓடும்படி மும்மூன்றாக வைக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் பெட்டியைத் திருப்பி, 300 மி.மீ. பக்கம் நீண்ட பக்கத்தோடு ஓடும்படி நான்கு வைக்க வேண்டும். குறுக்கே 300, 300, 400 சேர்ந்து சரியாக 1,000 மி.மீ. வரும். ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் ஓர் அடுக்குக்குப் பத்துப் பெட்டிகள் உட்கார்ந்துவிடும்.

பேலட்டின் உயரம் சுமார் 150 மி.மீ. அதன் மேல் எட்டு அடுக்குகள் வைத்தால் 2,000 மி.மீ. சேர்ந்து மொத்தம் 2,150 மி.மீ. ஆகும். கதவுக்கு மேலே 130 மி.மீ. மிச்சம் இருக்கும். இந்த மிச்சம் வீண் இடம் அன்று. போர்க்லிஃப்ட் பேலட்டைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கித்தான் கதவுப் படியைக் கடக்கும் என்பதால் குறைந்தது 100 மி.மீ. இடைவெளி வைப்பது என் வழக்கம். ஒன்பதாவது அடுக்கையும் வைத்தால் உயரம் 2,400 மி.மீ. ஆகிவிடும். அது கதவை மட்டுமன்று, கூரையையே தாண்டிவிடுகிறது. ஒரு பேலட்டுக்கு 80 பெட்டிகள், பத்து பேலட்டுக்கு 800.

தரையில் அடுக்குவதோடு ஒப்பிட்டால் 181 பெட்டிகள் குறைவு. ஏற்றி இறக்கும் வேகத்துக்கும் பெட்டிகள் நசுங்காமல் போய்ச் சேர்வதற்கும் கொடுக்கும் விலை அது. அந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை வாங்குபவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் பல நாடுகளில் பேலட் இல்லாமல் வரும் சரக்கைக் கையால் இறக்குவதற்கான கூலி அவர் தலையில்தான் விழும்.

பத்து பேலட் என்கிறீர்கள். நான் வரைந்து பார்த்தால் ஒன்பதுதான் வருகிறது.

பெரும்பாலோர் ஒரு பக்க வரிசையில் எல்லா பேலட்டையும் நீளவாக்காகவும், மறுபக்க வரிசையில் எல்லாவற்றையும் குறுக்காகவும் வைத்து வரைகிறார்கள். அப்படி வைத்தால் நீளவாக்கு வரிசையில் நான்கு, குறுக்கு வரிசையில் ஐந்து என ஒன்பதோடு நின்றுவிடும். மிஞ்சும் இடத்தில் பத்தாவதைத் திணிக்கப் பார்த்தால் அகலம் 2,400 மி.மீ. ஆகி 50 மி.மீ. இடிக்கும்.

முன்சுவரை ஒட்டிய முதல் ஜோடியை மட்டும் மாற்றிப் போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இடப்புறத்தில் முதல் பேலட்டைக் குறுக்காக வைத்து அதன் பின்னால் நான்கை நீளவாக்காக வைக்க வேண்டும். 1,000-உம் நான்கு 1,200-உம் சேர்ந்து 5,800 மி.மீ. ஆகும். வலப்புறத்தில் முதல் பேலட்டை நீளவாக்காக வைத்து அதன் பின்னால் நான்கைக் குறுக்காக வைத்தால் 5,200 மி.மீ. ஆகும். எந்த இடத்தில் குறுக்கே அளந்தாலும் 2,200 மி.மீ.க்கு மேல் வராது. இடப்புறத்தில் கதவருகே மிஞ்சுவது வெறும் 90 மி.மீ. ஆகவே ஒவ்வொரு பேலட்டிலும் பெட்டி 20 மி.மீ. வெளியே துருத்தினால்கூட ஐந்து பேலட்டுக்குள் அந்த மிச்சம் கரைந்து கதவு சாத்தாமல் போய்விடும்.

வலப்புறத்தில் கதவருகே கிட்டத்தட்ட 690 மி.மீ. காலியாக இருக்கும். அதையும் நடுவிலுள்ள 150 மி.மீ. இடைவெளியையும் காற்றுப் பை கொண்டோ மரச்சட்டம் கொண்டோ நிரப்பாமல் அனுப்பினால், துறைமுகத்துக்குப் போகும் வழியில் வண்டி போடும் முதல் பிரேக்கிலேயே பேலட்டுகள் இடம் மாறும்.

பெட்டியை 2 செ.மீ. பெரிதாக்கினால் இன்னும் இரண்டு கட்டு அப்பளம் கொள்ளும். செய்யலாமா?

பேலட்டில் ஒரு முறை வரைந்து பார்க்காமல் செய்ய வேண்டாம். டெல்டாவில் ஓர் உற்பத்தியாளர் இதே எண்ணத்தோடு 420 × 310 × 260 மி.மீ. அளவில் பெட்டி அடிக்கச் சொல்லிவிட்டு, அச்சும் ஆன பிறகு என்னிடம் வந்தார். பெட்டிக்குள் கொள்ளும் இடம் ஏறத்தாழ 13 சதவீதம் கூடியிருந்தது. அதுவரை அவர் கணக்கு சரிதான்.

பேலட்டில் வைத்தபோது நடந்தது வேறு. நீண்ட பக்கத்தில் 420 மி.மீ. வீதம் மூன்று வைத்தால் 1,260 ஆகி வெளியே துருத்துகிறது, ஆகவே இரண்டுதான் வைக்க முடிந்தது. அந்த இரண்டு பத்திகளில் மும்மூன்றாக ஆறு பெட்டிகள், பக்கத்தில் திருப்பி வைத்த பத்தியில் இரண்டு, ஆக ஓர் அடுக்குக்கு எட்டுதான் வந்தன. உயரத்திலும் அடி விழுந்தது. எட்டு அடுக்கு வைத்தால் பேலட்டோடு சேர்த்து 2,230 மி.மீ. ஆகி, கதவுக்கு 50 மி.மீ. மட்டுமே மிஞ்சியது. போர்க்லிஃப்ட் ஓட்டுநர் மறுத்துவிட்டார், அவர் மறுத்தது நியாயமும்கூட. ஏழு அடுக்கோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு பேலட்டுக்கு 56, பத்து பேலட்டுக்கு 560 பெட்டிகள்.

800 எங்கே, 560 எங்கே! பெட்டி ஒவ்வொன்றும் பெரிது என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் அந்தக் கன்டெய்னரில் போன மொத்தச் சரக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது. கன்டெய்னர் வாடகையோ அதேதான். இதை வைத்து நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று உண்டு: பெட்டியின் அளவைப் பொருளிலிருந்து தொடங்கித் தீர்மானிக்காமல், பேலட்டின் 1,200-ஐயும் 1,000-ஐயும் மிச்சமின்றி நிரப்பும் எண்களிலிருந்து தொடங்கி, அதற்குள் கட்டுகளை அடக்கப் பாருங்கள். 400 × 300 என்ற அடியளவு இவ்வளவு பரவலாக இருப்பதன் காரணம் அதுவே.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஏற்றும்போது மட்டும் இடிக்கிறது. ஏன்?

பெட்டி தயாரிப்பாளர் தரும் அளவு பெரும்பாலும் உள்ளளவு. கன்டெய்னருக்கு வேண்டியது வெளியளவு. ஐந்து பிளை அட்டையின் கனம் இரு பக்கமும் சேரும்போது ஒவ்வொரு திசையிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். மேல்மூடியும் அடிமூடியும் இரட்டையாக மடிவதால் உயரத்தில் இன்னும் அதிகம். அது போதாதென்று, சரக்கு நிரம்பிய பெட்டியின் பக்கங்கள் சற்றுப் புடைத்துக்கொள்ளும்.

ஆகவே காலிப் பெட்டியை அளக்காமல், நிரப்பி டேப் ஒட்டிய பத்துப் பெட்டிகளை வரிசையாகச் சேர்த்து வைத்து மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். மூன்று பக்கங்களுக்கும் தனித்தனியே இப்படிச் செய்ய வேண்டும். நம் பெட்டி இப்படி அளந்தபோது 405 × 305 × 255 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தரையில் அடுக்கினால் அகலம் 2,330 மி.மீ. ஆகி மயிரிழையில் தப்பிவிடும். ஆனால் பேலட்டில் ஒரு பக்கம் 1,220, மறுபக்கம் 1,015 ஆகி விளிம்பைத் தாண்டும்.

உயரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. எட்டு அடுக்கு 2,040 மி.மீ. ஆன பிறகு, கதவின் மேல் சட்டத்துக்குக் கீழே 240 மி.மீ. தான் இருக்கும். 255 மி.மீ. உயரப் பெட்டி அந்தச் சந்தில் நுழையாது. உள்ளே கூரை உயரமாக இருப்பதால் மற்ற வரிசைகளில் ஒன்பதாவது அடுக்கு வந்துவிடும், கதவை ஒட்டிய கடைசி வரிசையில் மட்டும் வராது. 981 என்று இன்வாய்ஸ் அடித்துவிட்டு ஆறு பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டிகளை நேருக்கு நேராக அடுக்குவதா, செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்குவதா?

சுமையைத் தாங்குவது பெட்டியின் நான்கு மூலைகளும்தான். நேராக அடுக்கினால் மூலையின் மேல் மூலை அமர்ந்து, எடை கீழ்வரை இறங்கிவிடும். மாற்றி அடுக்கினால் சரியாமல் நிற்கும், ஆனால் மேலுள்ள மூலை கீழுள்ள பெட்டியின் நடுப்பகுதியில் அழுத்துவதால் தாங்கும் வலிமை கணிசமாகக் குறைந்துவிடும். கீழிருந்து ஆறு அடுக்குகளை நேராகவும், மேல் இரண்டை மட்டும் திருப்பியும் வைத்து, மூலைகளில் அட்டைக் கோணங்கள் கொடுத்துச் சுற்றுப்படலம் போடுவது நல்ல நடுவழி.

ஒரு பெட்டி 9.5 கிலோ என்றால் எட்டு அடுக்கில் அடிப்பெட்டியின் மேல் 66.5 கிலோ உட்காரும். அது போதுமே என்று 100 கிலோ தாங்கும் பெட்டியை வாங்கிவிடக் கூடாது. பெட்டித் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்த வலிமை உலர்ந்த ஆய்வகத்தில், சில நிமிடங்களில் அளந்தது. கப்பலில் வாரக்கணக்கில் சுமை நிற்கும், ஈரம் ஏறும், அலையில் ஆடும். இதற்கெல்லாம் சேர்த்து நான்கு அல்லது ஐந்து மடங்கு வைப்பதுண்டு, அதாவது நம் பெட்டிக்குச் சுமார் 330 கிலோ.

ஈரம் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிக் கவலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நெல் வயல் சூழ்ந்த கிடங்கின் சிமென்ட் தரையில் ஓர் இரவு வைத்த அட்டை, காலையில் தன் வலிமையில் பாதியை இழந்துகூட இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியின் மூலைக்கருகில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்: உலர்ந்த அட்டை எதிர்த்து நிற்கும், ஈரம் ஏறியது குழிந்து அப்படியே இருக்கும். குழிந்த பெட்டியை அடி அடுக்குக்கு அனுப்பாதீர்கள்.

40 அடி ஹைகியூப் என்னும் உயரமான கன்டெய்னர் எடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகுமா?

இலேசான சரக்கு என்றால் போகும். உள்நீளம் சுமார் 12,030 மி.மீ., உயரம் சுமார் 2,690 மி.மீ., கதவுயரம் சுமார் 2,580 மி.மீ. பேலட்டில் ஒன்பது அடுக்கு வைத்தாலும் 2,400 மி.மீ. தான் என்பதால் ஒரு பேலட்டுக்கு 90 பெட்டிகள். காகிதத்தில் 22 பேலட் வரும்: ஒரு பக்கம் நீளவாக்காகப் பத்து, மறுபக்கம் குறுக்காகப் பன்னிரண்டு. இரண்டு பக்கமும் 12,000 மி.மீ. தான், மிச்சம் 30 மி.மீ. நடைமுறையில் அந்த 22-ஐ நம்பி யாரும் இன்வாய்ஸ் போடுவதில்லை. 20 அல்லது 21 என்று வைத்துக்கொள்வார்கள். 20 பேலட் என்றாலே 1,800 பெட்டிகள் ஆகின்றன.

ஐரோப்பிய வாடிக்கையாளர் 1200 × 800 பேலட் கேட்கிறார்.

ஓர் அடுக்குக்கு எட்டுப் பெட்டிகள், எட்டு அடுக்குக்கு 64. 20 அடி கன்டெய்னரில் குறுக்காக ஏழும் நீளவாக்காக நான்குமாகப் பதினொன்று நுழையும். மொத்தம் 704 பெட்டிகள். 800-லிருந்து குறையும் 96 பெட்டிகளுக்கான கன்டெய்னர் செலவை விலையில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் இதே கணக்குதானா?

இல்லை. பித்தளையில் இடம் நிரம்புவதற்கு முன்பே எடை நிரம்பிவிடும். அதே அளவுப் பெட்டி விளக்கோடு 40 கிலோ என்று கொண்டால் 800 பெட்டிகள் 32,000 கிலோ. இப்போதுள்ள பெரும்பாலான 20 அடி கன்டெய்னர்களின் உச்ச மொத்த எடை 30,480 கிலோ, அதில் கன்டெய்னரின் சொந்த எடையே 2,200 கிலோவுக்கு மேல். இந்த எண்கள் கதவின் வெளிப்புறத்தில் எழுதப்பட்டிருக்கும், அந்தக் கன்டெய்னருக்கு அதுவே சட்டம். ஆகவே ஆறு அடுக்கோடு நிறுத்தி, 600 பெட்டிகள், 24,000 கிலோ என்று திட்டமிட வேண்டும்.

அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. கன்டெய்னர் தாங்குவதைச் சாலை தாங்க அனுமதி வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலையில் வண்டியும் சரக்கும் சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் என்பது பொது வரம்பு. இழுவண்டியின் எடை அதில் போக மிஞ்சுவதுதான் உங்களுக்கு. எடையை ஒரு முனையில் குவிக்கவும் கூடாது. கன்டெய்னரின் நீளத்தில் பாதிக்குள் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்வது வழக்கம். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடையை எழுதிக் கொடுக்காமல் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால், பேலட்டின் எடையையும் மரச்சட்டத்தின் எடையையும் மறக்காமல் சேருங்கள்.

மரப் பேலட் எங்கள் ஊர் ஆசாரியே செய்து தருவார். பயன்படுத்தலாமா?

முத்திரை இல்லாமல் முடியாது. மரப் பொதிகளுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற வேண்டும் அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட வேண்டும். அதற்கான அங்கீகாரம் பெற்ற நிலையமே முத்திரை குத்தலாம். ஆசாரியிடம் அளவுச் சட்டம் அடிக்கச் சொல்லிவிட்டுப் பதப்படுத்த அனுப்பலாம். பிளைவுட் பேலட்டுக்கு இந்த விதி பொருந்தாது.

கிராமத்துக் கிடங்கிலேயே ஏற்றலாமா, துறைமுகத்துக்குக் கொண்டுபோய் ஏற்றுவதா?

தரையில் அடுக்குவது என்றால் கிராமத்திலேயே ஏற்றலாம், பேலட் என்றால் தூத்துக்குடியிலோ சென்னையிலோ உள்ள கன்டெய்னர் நிலையத்தில் ஏற்றுவதே நல்லது. டிரெய்லரின் மேல் நிற்கும் கன்டெய்னரின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். அதே உயரத்தில் மேடை இல்லாத கிடங்கில் போர்க்லிஃப்ட் பேலட்டைக் கதவு வாயிலில் வைக்கலாமே தவிர, உள்ளே தள்ளிக்கொண்டு போக முடியாது. வாயிலில் வைத்ததைக் கை வண்டியால் இழுத்துப்போக இரண்டு பேர் உள்ளே வேண்டும், குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பும் வேலை அங்கே நடக்காது.

40 அடி வண்டி என்றால் அதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. வாய்க்கால் மதகைத் தாண்டி உடனே வளையும் சாலையில் அது திரும்புமா என்பதை, முன்பதிவு செய்வதற்கு முன் ஓட்டுநரையே வரவழைத்து நடந்து காட்டிவிடுங்கள். திரும்பாத ஊருக்கு 20 அடிதான்.

கிராமத்தில் ஏற்றும்போது, முன்சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரிசையையும் கூரை வரை முடித்த பிறகே அடுத்த வரிசைக்கு வர வேண்டும் என்று லோடுமேன்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்தாவது வரிசை முடிந்ததும் நிறுத்தி, முன்சுவரிலிருந்து அதுவரை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 300 மி.மீ. வீதம் 1,500 வர வேண்டிய இடத்தில் 1,560 வந்திருந்தால், 19-ஆவது வரிசை 5,928 மி.மீ.க்குப் போய்விடும், கதவு சாத்தாது. அப்போது தெரிந்தால் 18 வரிசையோடு நிறுத்தி, வண்டி நிற்கும்போதே ஆவணத்தில் எண்ணிக்கையைத் திருத்திவிடலாம்.